வண்டி புறப்பட்டது, நான் எங்கே?

அன்புள்ள ஐயா,

15 நிமிட வானொலி நாடகம் ஒன்று எழுதியிருக்கிறேன். அதில் கிராமத்து பஸ் ஸ்டாண்டில் நடக்கும் காட்சியை மட்டும் இணைத்துள்ளேன். வேலைக்காக ஊரை விட்டுப் போகும் மகன், வழியனுப்ப வந்த அம்மா. அடுத்த காட்சி நகரத்தில் மகனின் அறை. ஒலிக்குறிப்புகளை வசனத்துக்குள்ளேயே அடைப்புக்குறியில் எழுதுவதா, தனி வரியில் எழுதுவதா? இரண்டு பக்கத்துக்குள் 23 ஒலிகள் வந்துவிட்டன. அதிகமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

தனி வரியில் எழுதுங்கள், வரிசை எண் போடுங்கள். ஒலி கொடுப்பவர் கண்ணில் அவருடைய வரி சட்டென்று பட வேண்டும். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

23 அதிகம்தான். சேவல், காகம், கோயில் மணி, சைக்கிள் மணி, அப்புறம் ஷட்டரைத் தூக்கும் கடைக்காரர். விடியற்காலை என்று சொல்ல ஐந்து பேரை வேலைக்கு வைத்திருக்கிறீர்கள். மகனோ முதல் வசனத்திலேயே “இன்னும் இருட்டே பிரியலயேம்மா” என்று சொல்லிவிடுகிறான். இரண்டு மூன்று ஒலிகள் வரைக்கும் காது பிரித்துக் கேட்கும். மேலே போனால் எல்லாம் கலந்து வெறும் இரைச்சல். சேவலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்புங்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசிக் குறிப்புக்காக. “பேருந்து புறப்படும் சத்தம்” என்று எழுதிக் காட்சியை முடித்துவிட்டீர்கள். சரி, புறப்படட்டும். கேட்டுக்கொண்டிருக்கும் நான் எங்கே இருக்கிறேன்? மகன் பக்கத்து சீட்டிலா, அம்மாவோடு வெளியிலா? ஐந்து சத்தம் போட்டு விடிய வைத்த உங்களுக்கு இதைச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லையா?

கோபத்துக்குக் காரணம் உண்டு. சின்ன வயதில் ஒரு வானொலி நிலையத்தில் நாடகங்களுக்கு ஒலி கொடுத்துக்கொண்டிருந்தேன். சல்லி பரப்பிய தட்டில் நடந்தால் மண்பாதை, முறத்தில் பயறை உருட்டினால் மழை. ஒரு நாடகத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வீட்டை விட்டுக் கிளம்பி பஸ் ஏறிவிடுவாள். நாடகமே அந்த ஏறுதல்தான். பிரதியில் உங்களைப் போலவே “பேருந்து புறப்படும் சத்தம்” என்று மட்டும் இருந்தது. நான் இன்ஜின் ஒலியை மெல்ல மெல்லத் தேய்த்தேன். வளைவில் திரும்பி மறைகிற வண்டி மாதிரி அவ்வளவு அழகாகத் தேய்ந்தது. அன்று எனக்கு ரொம்பப் பெருமை. அடுத்த வாரம் ஒரு அஞ்சலட்டை வந்தது: “கடைசியில் அந்தப் பொண்ணு ஏறாம நின்னுட்டாளே, பாவம்.” பிரதியில் அவள் ஏறிவிட்டாள். நான்தான் இறக்கிவிட்டிருந்தேன்.

வண்டிச் சத்தம் தேய்கிறது என்றால் வண்டி நம்மை விட்டுப் போகிறது என்று பொருள். கேட்பவர் நிலையத்திலேயே நிற்கிறார். அவரோடு யார் பேசிக்கொண்டிருந்தாரோ அவரும் நிற்கிறார். வண்டியோடு நாமும் போக வேண்டுமானால் இன்ஜின் தேயக் கூடாது. அது அங்கேயே, அதே அளவில் இருக்க, தேய வேண்டியது பஸ் ஸ்டாண்ட்.

1924-இல் பி.பி.சி.க்காக ரிச்சர்ட் ஹியூஸ் எழுதிய நாடகம் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் விளக்கு அணைந்த இருட்டில் நடக்கும். பாத்திரங்களும் கேட்பவரும் ஒரே குழியில் மாட்டிக்கொள்வதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஒருவர் போகிறார், ஒருவர் நிற்கிறார். இரண்டு பேரோடும் நாம் இருக்க முடியாது.

உங்கள் அடுத்த காட்சி மகனின் அறை. ஆக, நாம் ஏறித்தான் ஆக வேண்டும். உங்கள் காட்சியின் கடைசிப் பகுதியை அப்படி மாற்றிப் பார்த்தேன். தப்பாக நினைக்க வேண்டாம்.

ஒலி 1: பஸ் ஸ்டாண்ட் இரைச்சல். மூன்று நொடி தனியாக, பிறகு பேச்சுக்கு அடியில் தணிகிறது.

அம்மா: பைய மடியிலயே வச்சுக்க. மேல போட்டுறாத.

மகன்: சரிம்மா.

ஒலி 2: இன்ஜின், தூரத்திலிருந்து நெருங்கி, அருகில் நிற்கிறது. உறுமல் தொடர்கிறது.

மகன்: வந்துருச்சு, நம்ம வண்டிதான்.

அம்மா: இரு, காலர் மடங்கியிருக்கு.

ஒலி 3: இரும்புப் படியில் இரண்டு காலடி. உடனே இரைச்சல் மங்குகிறது. இன்ஜின் கனக்கிறது, ஜன்னல் கண்ணாடிகள் அதிர்கின்றன.

மகன் (மைக் அருகே): போயிட்டு வரேம்மா.

அம்மா (சற்றுத் தள்ளி): எறங்குனதும் போன் பண்ணு!

ஒலி 4: இரண்டு விசில். கியர் விழுகிறது. இன்ஜின் ஏறி, பிறகு அதே அளவில் நிற்கிறது.

அம்மா (தொலைவில், விலகிக்கொண்டே): சாப்புட்டியான்னு கேட்டா சாப்புட்டேன்னு…

ஒலி 5: இரைச்சல் முழுதும் மறைகிறது. இன்ஜினும் கண்ணாடி அதிர்வும் மட்டும், நான்கு நொடி.

“நம்ம வண்டிதான்” என்ற வசனம் வேண்டும். தூரத்து இன்ஜின் லாரியாகவும் இருக்கலாம்; யாராவது சொன்னால்தான் தெரியும். விசில் இரண்டு என்று கட்டாயம் எழுதுங்கள். ஒன்று என்றால் நிறுத்து. தெரியாதவர் ஒன்று கொடுத்துவிடுவார், வண்டி நின்றுவிடும்.

ஒலிப்பதிவின்போது இன்னொரு வேடிக்கை இருக்கிறது. கதைப்படி நகர்கிறவன் மகன். ஆனால் அறையில் மகனாக நடிப்பவர் மைக்கை விட்டு ஓரடிகூட நகரக் கூடாது. அம்மாவாக நடிப்பவர்தான் பேசிக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். பெரும்பாலும் தலைகீழாகத்தான் செய்வார்கள். மகன்தானே போகிறான் என்று மகன் நடிகர் நடந்து போவார், அம்மாவின் குரல் காதோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பதிவைக் கேட்கும்போது கடைசி வசனம் யாருடையது தெளிவாக இருக்கிறதோ, நாம் அவரோடு இருக்கிறோம். அது அம்மாவாக இருந்தால் மறுபடி எடுங்கள். (சுவரில் கனமான போர்வைகளைத் தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் வெட்டவெளியில் நிற்கும் அம்மா குளியலறையிலிருந்து பேசுவது போல இருக்கும்.)

இத்தனையும் எழுதிவிட்டு ஒன்று சொல்கிறேன், எடுத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம். உங்கள் இரண்டு பக்கத்தில் மகன் சொல்வதெல்லாம் சரிம்மா, ஆமாம்மா, வரேம்மா. பேசுவது முழுக்க அம்மாதான். பை, காலர், போன் என்று சொல்லத் தெரியாததைச் சுற்றிச் சுற்றி வருகிறார். அந்தப் பேச்சை நீங்கள் எங்கோ கேட்டிருக்கிறீர்கள், இல்லாவிட்டால் எழுத வராது. அவரை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போக எனக்கு மனசில்லை. அவரோடு நின்றால் இன்ஜின் தேயட்டும், அன்று நான் தேய்த்த மாதிரியே. இரைச்சல் மறுபடி மேலே வரும். நாலு நொடி யாரும் பேச வேண்டாம். பிறகு யாரோ ஓடி வரும் செருப்புச் சத்தம், மூச்சு வாங்குகிற ஒரு குரல்:

“ஏம்மா, ஆறு மணி வண்டி போயிருச்சா?”

“இப்பத்தான்.”

ஆனால் அப்படிச் செய்தால் அடுத்த காட்சி மகனின் அறையாக இருக்க முடியாது. அம்மா வீடு திரும்பும் வழியை நீங்கள் எழுத வேண்டியிருக்கும்.