எலுமிச்சைச் சாதக் கேள்விக்கு 20 மதிப்பெண் விடை எழுதுவது எப்படி?

உணவுப் பாதுகாப்புப் பாடத்தில் நீங்கள் அனுப்பிய மாதிரித் தேர்வு விடையை இருமுறை வாசித்தேன். எழுதியிருப்பதில் பெரும்பாலானவை சரியான செய்திகள்தாம். ஆனால் நான்கு பக்க விடையில் இரண்டரைப் பக்கம் உணவு நஞ்சாதலின் வகைகளுக்கே போய்விட்டது. கேள்வியில் வரும் விடுதிச் சமையலறை மூன்றாம் பக்கத்தில்தான் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. 20 மதிப்பெண்ணுக்கு 9 கிடைத்ததன் காரணம் அதுவே. ஆகவே அதே கேள்வியை எடுத்துக்கொண்டு, அபாயம், காரணம், கட்டுப்பாடு, கண்காணிப்பு என்ற நான்கு பகுதிகளில் எதை எங்கே வைக்க வேண்டும் என்று விளக்குகிறேன்.

கேள்வி இது: விடுதி ஒன்றில் இரவு பத்து மணிக்குச் சாதம் வடித்து, பெரிய அண்டாவில் மூடி, சமையலறையிலேயே வைத்திருக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு அதைத் தாளித்து, எலுமிச்சைச் சாறு கலந்து, எட்டு மணிக்குப் பரிமாறுகிறார்கள். ஒன்பதரை மணி முதல் நண்பகலுக்குள் பல மாணவர்களுக்குக் கடும் வாந்தி ஏற்படுகிறது. காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு மிகச் சிலருக்கு மட்டுமே.

முதல் பகுதியான அபாயத்தில், எது தீங்கு செய்தது என்பதை மட்டும் எழுத வேண்டும். அந்த முடிவுக்கான தடயம் கேள்வியிலேயே இருக்கிறது. உண்ட ஒன்றரை மணி நேரத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் வாந்தி வந்திருப்பதால், உடலுக்குள் கிருமி பெருகி நோய் உண்டாக நேரமே இருந்திருக்காது. உணவிலேயே நச்சு உருவாகியிருக்க வேண்டும். சால்மோனெல்லா என்ற கிருமியை நீங்கள் முதலில் எழுதியது இந்த இடத்தில்தான் பிழையாகிறது, ஏனெனில் அதற்குக் குறைந்தது ஆறு மணி நேரமாவது ஆகும். காய்ச்சலும் பெரும்பாலும் கூடவே வரும். வடித்து வெளியே வைத்த சாதம் என்பதால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி உண்டாக்கும் செரியூலைடு என்ற வாந்தி நச்சையே முதலில் சொல்ல வேண்டும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸின் நச்சும் இதே நேரக் கணக்கில் வாந்தி தரும். ஆனால் அது பெரும்பாலும் சமைப்பவரின் கை, மூக்கு, தோல் புண் வழியாக வருவது. கேள்வியில் அதற்கான குறிப்பு எதுவும் இல்லை. ஆகவே அதை இரண்டாவது வாய்ப்பாக ஒரே வாக்கியத்தில் சொல்லி, மிஞ்சிய சாதத்தை ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதிசெய்ய வேண்டும் என்று முடித்துவிடலாம். இந்தப் பகுதிக்கு முக்கால் பக்கம் போதும்.

காரணப் பகுதிக்குத்தான் அதிக இடம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் “சுகாதாரக் குறைபாடு” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். அந்தச் சொல் எந்த நிகழ்வுக்கும் பொருந்தும் என்பதாலேயே இந்த நிகழ்வைப் பற்றி எதையும் சொல்வதில்லை. நடந்ததைப் படிப்படியாகச் சொல்லிப் பாருங்கள். மண்ணிலிருந்து அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸின் ஸ்போர்கள், அதாவது உறைவித்துகள், சாதம் கொதிக்கும் சூட்டில் சாவதில்லை. கொதித்து அடங்கிய பின் அவை முளைக்க ஈரமும் மாவுச்சத்தும் வெதுவெதுப்பும் தேவை. மூன்றும் அந்த அண்டாவுக்குள் இருந்தன. சாதம் குவிந்து கிடந்ததாலும் மூடி போட்டிருந்ததாலும் மேற்பரப்பு ஆறினாலும் நடுப்பகுதி பல மணி நேரம் செல்சியஸ் அளவில் 60 பாகைக்கும் 5 பாகைக்கும் இடைப்பட்ட ஆபத்தான வெப்பநிலையிலேயே நின்றது. கிருமி பெருகி நச்சைச் சுரந்தது. காலையில் தாளித்த சூடு அந்த நச்சை அழிக்காது, ஏனெனில் செரியூலைடு 121 பாகைச் சூட்டையும் தாங்கக்கூடியது.

எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு கிருமியைக் கொன்றிருக்குமே என்று உங்கள் விடையில் ஒரு வரி இருக்கிறது. நல்ல புளிப்பு இக்கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் இங்கே சாறு சேர்ந்தது ஒன்பது மணி நேரம் கழித்து, நச்சு உருவான பிறகு. அந்த நச்சு அமிலத்தையும் தாங்கும். இந்த ஒரு விளக்கத்தைச் சரியாக எழுதினால், திருத்துபவருக்கு நீங்கள் நிகழ்வின் கால வரிசையைப் புரிந்துகொண்டவர் என்பது தெரிந்துவிடும்.

காரணத்தை இப்படி எழுதிவிட்டால் கட்டுப்பாட்டுப் பகுதி அதிலிருந்தே பிறக்கும். ஒவ்வொரு கட்டுப்பாடும் மேலே சொன்ன சங்கிலியின் ஏதேனும் ஒரு கண்ணியை அறுக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். “நன்றாகச் சூடுபடுத்திப் பரிமாற வேண்டும்” என்று நீங்கள் எழுதியது எந்தக் கண்ணியையும் அறுக்கவில்லை. அதைத் தீர்வாக எழுதினால் உங்கள் காரணப் பகுதியையே நீங்கள் மறுத்தது போலாகும். ஸ்போர்களை அரிசியிலிருந்து நீக்க இயலாது. அறுக்கக்கூடியது வெப்பநிலையும் நேரமும் என்ற கண்ணிதான். காலையில் தேவையான அளவுக்குப் புதிதாக வடிப்பது முதல் வழி. விடுதிக்கு இதுவே எளிது. இரவே வடித்தாக வேண்டுமென்றால், அகலமான தட்டுகளில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மேற்படாமல் பரப்பி, 60 பாகையிலிருந்து 21 பாகைக்கு இரண்டு மணி நேரத்திலும், அங்கிருந்து 5 பாகைக்கு அடுத்த நான்கு மணி நேரத்திலும் கொண்டுவந்து, குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். பரிமாறும் வரை சூடாக வைத்திருப்பதென்றால் 60 பாகைக்குக் கீழே இறங்கவிடக் கூடாது. எண் இல்லாத கட்டுப்பாடு, அபாயங்களை முன்கூட்டியே கண்டு தடுக்கும் ஹாசப் என்ற உணவுப் பாதுகாப்பு முறையில் கட்டுப்பாடாகாது; அது வெறும் அறிவுரையாக நின்றுவிடும். ஏனெனில் எல்லை மீறப்பட்டதா இல்லையா என்பதை எண் இருந்தால்தான் சொல்ல முடியும்.

கண்காணிப்பில் மாணவர்கள் தவறாமல் செய்யும் பிழை ஒன்று உண்டு. நீங்களும் “உணவு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஆய்வக முடிவு வருவதற்குள் சாதம் உண்ணப்பட்டிருக்கும். அது, திட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று பின்னர் உறுதிசெய்யும் சரிபார்ப்பு. கண்காணிப்பு என்பது தவறு நடந்தால் பரிமாறுவதற்கு முன்பே தெரியவருவது. எதை, எப்படி, எப்போது, யார் பார்ப்பது என்ற நான்கையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடலாம்: “இரவுப் பணிச் சமையற்காரர், சாதத்தைப் பரப்பிய இரண்டாம் மணியிலும் ஆறாம் மணியிலும் ஒவ்வொரு தட்டின் நடுவிலும் கம்பி வெப்பமானியைச் செருகி, வெப்பநிலையைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.” இதையடுத்து, இரண்டாம் மணியில் 21 பாகைக்கு மேல் இருந்தால் அந்தத் தட்டுச் சாதத்தைக் கொட்டிவிட வேண்டும் என்ற திருத்த நடவடிக்கையை எழுதுங்கள். வெப்பமானியைப் பனிக்கட்டி நீரில் வைத்து 0 பாகை காட்டுகிறதா என்று பார்ப்பதையும் ஒரு வரியில் சேர்க்கலாம்.

அடுத்த பயிற்சிக்கு 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் நடந்த மதிய உணவு நிகழ்வை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது தெரியவந்தது. அபாயம் வேதிப்பொருள் என்பதால் வெப்பநிலையைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுத முடியாது. பொருளறை, பாத்திரம், எண்ணெய் வரும் வழி, பரிமாறுவதற்கு முன் பெரியவர் ஒருவர் உண்டு பார்ப்பது ஆகியவற்றைக் கொண்டே கட்டுப்பாட்டையும் கண்காணிப்பையும் அமைக்க வேண்டியிருக்கும். முதலில் காரணப் பகுதியை மட்டும் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்த பிறகு மற்றவற்றை எழுதலாம்.