முன்னும் பின்னும் தாவும் கதை: பார்ப்பவர் எதைப் பிடித்துக்கொண்டு வருகிறார்?

கேள்வி: என் குறும்படத்தின் கதை மூன்று காலங்களில் மாறி மாறி நடக்கிறது. "ஐந்து வருடங்களுக்கு முன்பு" என்று எழுத்துப் போட்டும் பார்த்தவர்கள் குழம்பிவிட்டார்கள். பெரிய இயக்குநர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

முதலில் அந்த எழுத்தைத் தூக்கிவிட்டு யோசியுங்கள். ஐந்து வருடங்களுக்கு முன்பு என்றால் எதற்கு முன்பு? இரண்டாவது தடவை தாவும்போதே அந்தக் கணக்கு ஆடிப்போகும், ஏனென்றால் தியேட்டரில் உட்கார்ந்து யாரும் வருடத்தைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பதில்லை. காட்சி மாறியதும் பார்ப்பவர் மனதில் ஓடுவது இரண்டே விஷயம்தான்: இது எந்த இழை, எனக்குத் தெரிந்த அந்தச் சம்பவத்துக்கு இது முன்னாலா பின்னாலா. பலர் முதலாவதற்கு மட்டும் பதில் வைத்துவிட்டு (பழைய காலம் என்றால் மஞ்சள் டின்ட், அவ்வளவுதான்) இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். நிறம் இழையைச் சொல்லும், வரிசையைச் சொல்லாது.

இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் வைத்த படம் என்றால் கிறிஸ்டோபர் நோலனின் மெமெண்டோ (2000). கறுப்பு வெள்ளைக் காட்சிகள் நேராக முன்னோக்கிப் போகும், வண்ணக் காட்சிகள் பின்னோக்கி அடுக்கப்பட்டிருக்கும். இழை எது என்பது நிறத்திலேயே தெரிந்துவிடுகிறது. வரிசைக்கு அவர் செய்தது வேறு. ஒரு வண்ணக் காட்சி நாயகன் கையில் பாட்டிலோடு குளியலறையில் உட்கார்ந்திருப்பதில் தொடங்குகிறது. அவனுக்குப் புதிய நினைவுகள் நிற்காது, அதனால் பாட்டிலைப் பார்த்துவிட்டு, குடித்த மாதிரித் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுகிறான், அப்புறம் ஒருவன் உள்ளே வர, சண்டை. அடுத்து வரும் வண்ணக் காட்சியில்தான், கதைப்படி அதற்கு முன்னால், அவன் அந்த அறைக்குள் நுழைந்து, வருபவனை அடிப்பதற்காகப் பாட்டிலை எடுத்துக்கொண்டு, அதே இடத்தில் போய் உட்கார்கிறான். நாம் ஏற்கனவே பார்த்த இடம் வந்ததும் காட்சி முடிகிறது. சங்கிலியில் ஒரு வளையம் மாட்டியது நமக்குத் தெரிந்துவிடுகிறது, அதோடு சிரிப்பும் வருகிறது. எழுத்தும் இல்லை, வசன விளக்கமும் இல்லை.

இந்த விதியைப் படம் தொடக்கத்திலேயே கற்றுக்கொடுத்தும் விடுகிறது: முதல் ஷாட்டில் போலராய்ட் புகைப்படம் ஒன்று தெளிவதற்குப் பதிலாக மெல்ல மெல்ல அழிகிறது. காலம் பின்னோக்கி ஓடுகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. கடைசியில் இரண்டு இழைகளும் சேரும் இடத்திலும் போலராய்ட்தான். அது தெளியத் தெளியக் கறுப்பு வெள்ளை வண்ணமாக மாறுகிறது.

உங்களுக்கு இவ்வளவு தேவைப்படாது. ஆனால் எல்லாக் காலங்களும் தொட்டுப் போகிற ஒரு சம்பவம் கட்டாயம் வேண்டும். ஆய்த எழுத்து (2004) படத்தில் பாலத்தில் நடக்கும் அந்தத் துப்பாக்கிச் சூட்டை முதலிலேயே காட்டிவிடுகிறார் மணிரத்னம். பிறகு மூன்று பேரின் கதையும் பின்னால் போய்த் தனித்தனியாக அந்தப் பாலத்துக்கே வந்து சேர்கிறது. எங்கே போய் நிற்கப்போகிறோம் என்பது தெரிந்துவிட்டதால், நடுவில் எது எந்த மாதம் என்று யாரும் கவலைப்படுவதில்லை.

அப்புறம் கட் நடக்கும் இடம். கடந்த காலத்துக்குள் நுழைகிற முதல் ஷாட்டில் யாரென்று தெரியாத கையோ, எங்கேயும் இருக்கக்கூடிய சுவரோ வந்தால் ஆள் அங்கேயே நழுவிவிடுவார். அந்தக் காலத்துக்கே உரிய ஒன்று உடனே கண்ணில் படவேண்டும், தாடியோ காயமோ உடைந்த கண்ணாடியோ எதுவானாலும் சரி. அடுத்த காட்சியின் ஒலியைச் சற்று முன்பே உள்ளே விடுவது (எடிட்டர்கள் ஜே கட் என்பார்கள்) தாவலை மென்மையாக்கும், ஆனால் எங்கே தாவினோம் என்று சொல்லாது, அதை மட்டும் நம்பாதீர்கள். திரும்பி வரும்போது முடிந்தவரை விட்டுப்போன அதே ஃப்ரேமுக்கே வாருங்கள். புது இடத்தில், புது உடையில் திரும்பினால் அது நான்காவது காலம் போலத் தோன்றும்.

எடிட்டில் இதைச் சோதிக்க: காட்சிகளைக் கதையில் நடந்த வரிசைப்படி ஒரு டைம்லைனில் அடுக்கி ஓட்டிப் பாருங்கள், காயம், உடை, முடி எங்கே முரண்படுகிறது என்பது அப்போதுதான் தெரியும். பிறகு படத்தை ஏற்கனவே பார்க்காத ஒருவரை உட்காரவைத்து, ஒவ்வொரு தாவலுக்கும் சில நொடிகள் கழித்து நிறுத்தி, "இது அந்தச் சம்பவத்துக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று மட்டும் கேளுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் புரிஞ்சுது என்றுதான் சொல்வார்கள். அவர் தடுமாறுகிற தாவலில் நிறத்தைக் கூட்டாதீர்கள், அதற்கு முந்தைய காட்சியின் கடைசி ஷாட்டையும் பிந்தையதன் முதல் ஷாட்டையும் மாற்றிப் பாருங்கள்.