மூன்று பேர் வேலை செய்யும் கடைக்கு மாதம் உண்மையில் என்ன செலவு? கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். இங்கே சொல்வதெல்லாம் இலங்கைச் சட்டப்படி.

துணிக்கடை வைத்திருக்கிறேன். 50,000, 40,000, 35,000 என்று மூன்று பேருக்குச் சம்பளம். சேமலாப நிதி 8, 12, நம்பிக்கை நிதி 3, ஆக 23 வீதம். மாதச் செலவு 153,750 சரியா அண்ணை?

பத்தாயிரம் கூடிவிட்டது, தம்பி. அந்த 8 வீதம் உங்கள் செலவு அல்ல, பிள்ளைகளின் சம்பளத்திலிருந்து கழிப்பது. சம்பளம் மொத்தம் 125,000. அதன் மேல் உங்கள் பங்கு சேமலாப நிதிக்கு 12 வீதம், அதாவது 15,000. நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 3,750. மொத்தச் செலவு 143,750.

கழித்த 10,000 ரூபாயையும் உங்கள் 15,000 ரூபாயையும் சேர்த்து 25,000 ரூபாயாகச் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டும். நம்பிக்கை நிதிக்குத் தனியாக 3,750. மூவர் கையிலும் சேர்த்து 115,000 போகும். மூன்றையும் கூட்டிப் பாருங்கள், அதே 143,750 வரும். வராவிட்டால் எங்கோ பிழை.

அப்புறம் பண்டிகைக் காசு. வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுப்பதாக இருந்தால் 125,000 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 10,417 ஒதுக்குங்கள். அதோடு உங்கள் கணக்கு ஏறக்குறைய 154,170. தீபாவளி வாரத்தில்தான் புதுச் சரக்குக்கும் காசு வேண்டும். அப்போது ஒரே தடவையில் 125,000 எடுக்க முடியாமல் கடன் வாங்கிய கடைகளின் கணக்கு என் கையில் இருக்கிறது.

போனஸுக்கும் 15 வீதம் கட்ட வேண்டுமா?

வேண்டாம். ஆனால் சம்பளத்தில் ஒரு பகுதியை மாதாமாதம் ‘போனஸ்’ என்று எழுதினால் அது சம்பளம்தான்.

நான் பேசியதே கைக்கு 40,000. எதையும் கழிக்க முடியாது. அப்போ 8ஐயும் நான்தானே கட்டுகிறேன்?

உங்கள் விஷயத்தில் ஆம், அக்கா. கைக்கு 40,000 வரவேண்டுமானால் பதிவில் சம்பளம் 43,478 ஆக இருக்க வேண்டும். அதில் 8 வீதம் போனால் 40,000. அந்த 43,478 ரூபாயின் மேல் உங்கள் 15 வீதத்தைச் சேர்த்தால் சரியாக 50,000. ஆகவே கைக்குப் பேசிய சம்பளத்தோடு கால் பங்கைக் கூட்டினால் உங்கள் செலவு. ஆளை எடுக்கும்போதே ‘கைக்கா, மொத்தமா’ என்று பேசிவிடுங்கள்.

மதுரையில் என் கடையிலும் மூன்று பேர். இதே கணக்கா?

இல்லை. அங்கே வருங்கால வைப்பு நிதி பொதுவாக இருபது பேரிலிருந்து. இங்கே ஒருவர் இருந்தாலே கட்ட வேண்டும். உங்கள் ஊர்க் கணக்கரிடம் கேளுங்கள்.

மத்தியானச் சாப்பாடு நான்தான் கொடுக்கிறேன். அது கணக்கில் வராதுதானே?

வரும். சேமலாப நிதிச் சட்டத்தில் முதலாளி கொடுக்கும் உணவின் பெறுமதியும் உழைப்பூதியத்தில் சேரும். நேரம் கடந்த வேலைக்கான காசுதான் சேராது. சாப்பாடு 300 ரூபா, மாதம் 25 நாள் என்றால் ஒருவருக்கு 7,500. மூவருக்கும் 22,500, அதில் 15 வீதம் 3,375. சாப்பாட்டுச் செலவு வேறு.

பிழை அண்ணை. பத்து வருடமாகச் சோறு போடுகிறேன், யாரும் கேட்டதில்லை. என் வீட்டுப் பானைச் சோறு, அதற்கு என்ன விலை?

யாரும் கேட்காததும் சட்டத்தில் இல்லாததும் ஒன்றல்ல. பெறுமதியை முதலில் நீங்கள்தான் போடுகிறீர்கள், தொழில் ஆணையாளர் அதை மாற்றலாம். அரிசி, கறிச் செலவை எழுதிவைத்து ஆளுக்கு வகுத்தால் சொல்ல ஒரு கணக்கு இருக்கும்.

அப்படியானால் பிள்ளையிடமும் சோற்றுக்கு 8 வீதம் பிடிப்பதா? மாதம் 600 குறைந்தால் அவன் நிற்கமாட்டான்.

இந்த இடத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சிலர் அந்த 600 ரூபாயைச் சம்பளத்தில் கூட்டிக் கொடுக்கிறார்கள். சிலர் சாப்பாட்டை நிறுத்தினார்கள், அதை நான் விரும்பவில்லை.

என் ஆட்களுக்கு வருமான வரி கழிக்க வேண்டுமா?

இந்தச் சம்பளங்களுக்கு வேண்டாம்.

பணிக்கொடையையும் மாதம் ஒதுக்க வேண்டுமா?

பதினைந்து பேருக்குக் குறைந்த கடைக்கு அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தாது.

8 வீதமும் முதலாளிதானே?

மேலே இரண்டு தடவை சொல்லிவிட்டேன், வாசியுங்கள்.

இந்த மாதம் வியாபாரம் இல்லை. நிதியைப் பிந்திக் கட்டலாமா?

அடுத்த மாதக் கடைசி வேலைநாள் வரை நேரம் இருக்கிறது. அதைத் தாண்டினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி, ஒரு வருடம் கடந்தால் 50 வீதம். அந்த 25,000 ரூபாயில் 10,000 பிள்ளைகளின் காசு. அதைச் சரக்குக்குப் போடாதீர்கள்.