நேர வலயம் மாறும்போது மாத்திரை நினைவூட்டல்: நிலைநேரமா, மிதக்கும் நேரமா?

கேள்வி: ஜனவரியில் சிங்கப்பூரிலிருந்து மூன்று வாரங்களுக்கு லண்டன் செல்கிறேன். வலிப்பு நோய்க்காகக் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். சென்ற முறை அங்கே கைப்பேசி நாட்காட்டி நள்ளிரவிலும் நண்பகலிலும் மணியடித்தது. இம்முறை நிலைநேரத்தை வைப்பதா, மிதக்கும் நேரத்தை வைப்பதா?

பதில்: உங்கள் கைப்பேசி சென்ற முறை தவறு செய்யவில்லை. குளிர்காலத்தில் லண்டன் சிங்கப்பூரைவிட 8 மணி நேரம் பின்தங்கியிருப்பதால், சிங்கப்பூரின் காலை 8 மணி லண்டனில் நள்ளிரவாகவும் இரவு 8 மணி நண்பகலாகவும் வருகிறது. ஓர் ஊரின் கடிகாரத்தோடு கட்டிவைத்த இந்த ஏற்பாடுதான் நிலைநேரம். மிதக்கும் நேரமோ எந்த ஊரோடும் கட்டப்படாதது. நீங்கள் நிற்கும் ஊரில் 8 மணி ஆனால் அது மணியடிக்கும். சாதாரண அலாரம் இந்த வகையைச் சேர்ந்தது.

தூக்கம் கெட்டாலும் நிலைநேரம் 12 மணி நேர இடைவெளியைக் காப்பாற்றியது என்பதைக் கவனியுங்கள். மிதக்கும் நேரத்தை வைத்திருந்தால், சிங்கப்பூரில் இரவு 8 மணிக்கு மாத்திரை போட்டுவிட்டு, கைப்பேசியை அணைத்து விமானம் ஏறியவருக்கு அடுத்த மணி லண்டனின் காலை 8 மணிக்குத்தான் அடித்திருக்கும். இடையில் 20 மணி நேரம் ஓடியிருக்கும். திரும்பும் பயணத்தில் ஆபத்து எதிர்த்திசையில் வரும்: விமானம் ஏறியதும் கைப்பேசியைச் சிங்கப்பூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால், லண்டனில் காலை 8 மணிக்குப் போட்ட மாத்திரைக்கும் சிங்கப்பூரின் இரவு 8 மணிக்கும் இடையே 4 மணி நேரமே இருக்கிறது. வலிப்பு மருந்தில் நீண்ட இடைவெளி வலிப்பை வரவழைக்கலாம். குறுகிய இடைவெளி மயக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரலாம்.

ஆகவே விமானத்திலும், லண்டனில் இறங்கிய முதல் நாளிலும் நிலைநேரத்தையே வைத்திருங்கள். அதன் பிறகு நேரத்தை மெல்ல நகர்த்துங்கள். ஊர்களின் வேறுபாடு 8 மணி நேரம் என்றாலும், மருந்து 12 மணிக்கொரு முறை என்பதால், நண்பகலைக் காலை 8 மணிக்கும் நள்ளிரவை இரவு 8 மணிக்கும் கொண்டுவர 4 மணி நேரம் முன்னே வந்தால் போதும். நண்பகல் வேளைக்குப் பின் இரவு 11, மறுநாள் காலை 10, இரவு 9, அதற்கு மறுநாள் காலை 8 என்று வந்தால், ஒவ்வோர் இடைவெளியும் 11 மணி நேரமாக இருக்கும். நான்கே வேளைகளில் பழைய ஒழுங்கு திரும்பிவிடும். இந்தப் பட்டியலைப் புறப்படும் முன் உங்கள் மருத்துவரிடம் காட்டி ஒப்புதல் பெறுங்கள். மருந்துச் சீட்டில் "காலை ஒன்று, இரவு ஒன்று" என்று எழுதும் மருத்துவர்கள் "12 மணி நேர இடைவெளி" என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் இந்தக் கேள்வியில் பாதி எழுந்திருக்காது.

மூன்று நாளில் திரும்புகிறவர் மட்டும் இதைச் செய்யவே கூடாது. நகர்த்துவதற்கு இரண்டு நாள், திரும்பி வந்தபின் மறுபடி நகர்த்துவதற்கு இரண்டு நாள் என்று கணக்கிட்டால், அவருடைய பயணம் முழுவதும் நகர்த்தலாகவே முடிந்துவிடும். ஒழுங்கான வேளை என்று ஒன்று வாய்ப்பதற்குள் விமானம் ஏற வேண்டியிருக்கும். அவர் நள்ளிரவு மணியைப் பொறுத்துக்கொண்டு சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்துவிடுவது நல்லது. உங்களுக்கு மூன்று வாரங்கள் இருப்பதால்தான் நகர்த்தச் சொல்கிறேன்.

உங்கள் செயலி எந்த வகை என்று இன்றே சோதிக்கலாம். கைப்பேசியில் தானியங்கி நேர வலயத்தை அணைத்து, வலயத்தை லண்டன் என்று மாற்றிவிட்டு நினைவூட்டலைத் திறந்து பாருங்கள். 8 என்றே நின்றால் அது மிதக்கும் நேரம். வேறு நேரத்தைக் காட்டினால் நிலைநேரம். பார்த்ததும் வலயத்தை மறக்காமல் பழையபடி வையுங்கள். நாட்காட்டிச் செயலிகளுக்காக 1998இல் வெளிவந்த ஐகேலண்டர் தரநிலையிலேயே இவ்விரு வகைகளுக்கும் இடம் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பல செயலிகள் அந்தத் தேர்வை ஒளித்தே வைத்திருப்பது எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது.

"பயணத்தில் தானாகவே சரிசெய்துகொள்ளும்" என்று சந்தா கேட்கும் செயலிகளிடமும், அவற்றைப் பரிந்துரைத்துத் தரகு வாங்குபவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்லும் சரிசெய்தல், உள்ளூர் 8 மணிக்கு மணியடிப்பதுதான். முந்தைய மாத்திரை எப்போது உள்ளே போனது என்ற கணக்கு அதில் இராது. இன்னொரு பொறி, "சாப்பிட்டேன்" என்று இடும் குறி. தேதிவாரியாகக் கணக்கு வைக்கும் செயலியில் வலயம் மாறும் நாளில் அந்தக் குறி வேறு தேதிக்குப் போய்விடலாம். வெறும் கட்டத்தைப் பார்த்து இரண்டாவது மாத்திரையைப் போட்டுவிடுவார்கள். பயண நாள்களில் மட்டும் ஒரு தாளில் ஊர்ப்பெயரோடு நேரத்தை எழுதி, மாத்திரைப் பெட்டிக்குள் வையுங்கள்.

திரும்புவதற்கு முந்தைய நாள், காலை 8, இரவு 8 என்ற நினைவூட்டலை லண்டன் நேரத்தோடு கட்டிவிடுங்கள். சிங்கப்பூரில் அது மாலை 4, விடிகாலை 4 என்று அடிக்கும். மாலை 4 மணி வேளைக்குப் பின் விடிகாலை 5, மாலை 6, காலை 7, இரவு 8 என்று பின்னே தள்ளலாம். இம்முறை இடைவெளி 13 மணி நேரமாக நீள்வதால், அது உங்கள் மருந்துக்குப் பொறுக்குமா என்று மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள். பொறுக்காது என்றால் அரை மணி அரை மணியாக எட்டு வேளைகளில் நகர்த்தச் சொல்வார்.