கேள்வி-பதில்: கை ஆடிய படத்தைக் காசு கொடுத்துத் திருத்தலாமா?

கேள்வி: குழந்தை ஓடி வரும்போது எடுத்த படம். பின்னால் இருக்கும் சுவர் தெளிவு, குழந்தை மட்டும் கலங்கல். எந்த மென்பொருள் வாங்கலாம்?

எதையும் வாங்காதீர்கள். உடம்பு ஒரு பக்கம், கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று ஒவ்வொன்றும் வேறு வேறு அளவில் இழுபட்டிருக்கிறது. கை ஆட்டத்தைத் திருத்தும் மென்பொருள்களில் பல, படம் முழுக்க ஒரே மாதிரி இழுபட்டது என்று நம்பித்தான் கணக்கே போடுகின்றன.

கேள்வி: அப்பாவின் பழைய தட்டச்சுக் கடிதம் தொலைந்துவிட்டது. போனில் எடுத்த ஒரு படம்தான் மிச்சம், அதுவும் கை லேசாகப் பக்கவாட்டில் ஆடியது. "எந்த ஆட்டத்தையும் சரிசெய்வோம்" என்ற விளம்பரத்தைப் பார்த்து முழுப் பதிப்பு வாங்கினேன். பெரிய எழுத்துகள் தெளிந்தன. சின்ன எழுத்துகளில் ணகரமா னகரமா தெரியவில்லை, சுற்றிலும் அலை அலையாகக் கோடுகள். விற்றவர்களைக் கேட்டால் இன்னும் விலை கூடிய பதிப்பில் சரியாகும் என்கிறார்கள்.

வாங்கவே வாங்காதீர்கள். நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. இல்லாத ஒன்றை உங்களுக்கு விற்றிருக்கிறார்கள், இப்போது அதையே இரண்டாம் முறை விற்கப் பார்க்கிறார்கள்.

கை ஆடும்போது தாளில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் படத்தில் ஒரு சின்னக் கோடாக இழுபடுகிறது. உங்கள் படத்தில் அந்தக் கோடு 8 பிக்சல் நீளம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் படத்தின் ஒவ்வொரு பிக்சலிலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்த 8 பிக்சல்களின் சராசரிதான் பதிவாகியிருக்கிறது. இந்தக் கலப்பைத் திருப்பிப் பிரிக்கும் கணக்குக்குத்தான் டீகன்வொல்யூஷன் என்று பெயர். எந்த அளவு நுணுக்கம் எவ்வளவு மங்கியதோ, அதை அதே மடங்கு தூக்கிவிடுவதுதான் அதன் வேலை.

மூன்று சுழி ணகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நெட்டுக்கோடுகள் ஒன்றுக்கொன்று 16 பிக்சல் தள்ளி இருந்தால், கறுப்புக்கும் வெள்ளைக்கும் இருந்த வேறுபாட்டில் ஏறக்குறைய 64 சதவீதம் தப்பிக்கிறது. ஒன்றரை மடங்கு தூக்கினால் போதும், எழுத்து எழுந்து நிற்கும். உங்கள் பெரிய எழுத்துகள் தெளிந்தது இப்படித்தான். கோடுகள் 9 பிக்சல் இடைவெளியில் இருந்தால் 12 சதவீதம்தான் மிச்சம், எட்டு மடங்கு தூக்க வேண்டும். இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. படத்தில் எழுத்து மட்டும் இல்லை, புள்ளிப் புள்ளியாகத் தூசு போன்ற இரைச்சலும் இருக்கிறது. குறைந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அது 0 முதல் 255 வரையான அளவில் 10 படி இருப்பது சாதாரணம். எழுத்தோடு சேர்ந்து அதுவும் எட்டு மடங்காகி 80 படி ஆகிவிடும். மை எது, தூசு எது என்று பிறகு யார் சொல்வது?

கோடுகளின் இடைவெளி சரியாக 8 பிக்சல் என்றால் கதை முடிந்தது. எந்த இடத்தில் 8 பிக்சல்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தாலும் அதற்குள் ஒரே ஒரு நெட்டுக்கோடுதான் விழும். அதனால் சுழிகள் போய்ச் சமமான ஒரு சாம்பல் பட்டை மிஞ்சும். வேறுபாடு சுழியமாகிவிட்டது. சுழியத்தை எத்தனை மடங்கு பெருக்கினாலும் சுழியம்தான், அது விலை கூடிய பதிப்பாக இருந்தாலும் சரி. நல்ல மென்பொருள் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடும். பேராசை பிடித்த மென்பொருள் அங்கேயும் பெருக்கப் பார்க்கும். நீங்கள் பார்த்த அலைக்கோடுகளில் பெரும்பகுதி அப்படி வந்ததுதான்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது, அதற்குச் செலவும் இல்லை. சுழிகள் போனாலும் பட்டையின் அகலம் போகவில்லை. மூன்று சுழியின் பட்டை இரண்டு சுழியின் பட்டையைவிட அகலமாக இருக்கும். அது தட்டச்சு என்பதால் எல்லா ணகரமும் ஒரே அளவு. அதே கடிதத்தில் "வணக்கம்" போல உங்களுக்கு ஐயமே இல்லாத ஒரு சொல்லைத் தேடுங்கள். படத்தைப் பெரிதாக்கி அதில் இருக்கும் ணகரத்தின் சாம்பல் அகலத்தைப் பிக்சல் கணக்கில் எண்ணி வைத்துக்கொண்டு, ஐயமான எழுத்தோடு ஒப்பிடுங்கள். திருத்திய படத்தில் இதைச் செய்ய வேண்டாம், மூலப் படத்தில் செய்யுங்கள்.

கேள்வி: விளம்பரத்தில் காட்டும் மாதிரிப் படங்கள் மட்டும் எப்படி அவ்வளவு தெளிவாக வருகின்றன? என் படம் ஒன்றுகூட அப்படி வரவில்லை.

இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பல நாள் கோபம் இருக்கிறது. நானும் அப்படி ஒரு மாதிரியைப் பார்த்துத்தான் முழுப் பதிப்பு வாங்கினேன். நண்பர் ஒருவரின் பணி ஓய்வு நாளில் எடுத்த ஒரே படம், அதை எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்ற எண்ணம். மூக்குக்கண்ணாடியைச் சுற்றி இரண்டு மூன்று நிழல் வளையங்களோடு ஒரு முகம்தான் வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, படம்தான் சரியில்லை என்று பதில் எழுதினார்கள்.

அந்த மாதிரிப் படங்களில் பல, கேமராவில் ஆடியவையே அல்ல. தெளிவான படத்தை எடுத்துக் கணினியில் தாங்களே இழுத்துக் கலக்கி, பிறகு அதைத் தாங்களே பிரித்துக் காட்டுகிறார்கள். எவ்வளவு நீளம், எந்தத் திசை என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். கலக்கிய பிறகு புதிதாக இரைச்சலும் சேரவில்லை. பூட்டியவரே சாவியோடு நிற்கிறார், திறப்பதற்கு என்ன கஷ்டம்? உங்கள் படத்தில் கை எப்படி ஆடியது என்பதையே மென்பொருள் முதலில் ஊகிக்க வேண்டும். அந்த ஊகம் கொஞ்சம் பிசகினாலும் ஓரங்களில் வளையம் விழும்.

இதைக் கண்டுபிடிக்கலாம். மாதிரியின் கலங்கிய படத்தை நன்றாகப் பெரிதாக்கி, இருட்டான பகுதியில் இருக்கும் தூசைப் பாருங்கள். கை ஆட்டம் ஒளியைத்தான் இழுக்கும். இரைச்சலில் பெரும்பகுதி ஒளி சென்சாரில் விழும்போதும் அதற்குப் பிறகும் உண்டாவது, அதனால் உண்மையான ஆட்டத்தில் காட்சி இழுபட்டிருந்தாலும் தூசு இழுபடாமல் புள்ளிப் புள்ளியாகவே நிற்கும். கணினியில் கலக்கிய படத்தில் தூசும் சேர்ந்து வழுவழுப்பாக இழுபட்டிருக்கும், அல்லது தூசே இருக்காது.

விளக்கு இருந்தால் இன்னும் எளிது. உண்மையில் ஆடிய படத்தில் பளிச்சென்ற விளக்கு, பளிச்சென்ற வெள்ளைக் கோடாக, கை போன வழியில் நெளிந்து நெளிந்து கிடக்கும். விளக்கின் வெளிச்சம் சென்சாரால் அளக்க முடிந்ததைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், இழுபட்ட பிறகும் வெள்ளையாகவே இருக்கிறது. கணினியில் கலக்கினால் 255 என்று ஏற்கனவே வெட்டுப்பட்ட எண்ணைத்தான் சராசரி செய்ய முடியும். அதனால் விளக்கு மங்கிய சாம்பல் கோடாகிவிடும், பெரும்பாலும் நூல் பிடித்தது போல நேராகவும் இருக்கும். அப்படி ஒரு மாதிரியைக் கண்டால் அந்தக் கடையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி: விண்வெளியில் இருக்கும் ஹபிள் தொலைநோக்கியின் கலங்கலான படங்களையே கணக்குப் போட்டுத் தெளிய வைத்தார்களே, என் போன் படத்தை ஏன் முடியாது?

நல்ல கேள்வி. 1990-இல் ஹபிள் மேலே போனபோது, 2.4 மீட்டர் அகலமுள்ள அதன் பிரதானக் கண்ணாடியின் விளிம்பு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்கு தவறாக வடிவமைந்திருந்தது தெரியவந்தது. அவர்களுக்கு உங்களிடம் இல்லாத ஒரு வசதி இருந்தது. தனியாக நிற்கும் விண்மீன் என்பது ஒரு புள்ளி. அந்தப் புள்ளி படத்தில் எப்படிச் சிதறியிருக்கிறது என்று பார்த்தாலே சிதறல் முழுதும் கையில் கிடைத்துவிடும், ஊகிக்க வேண்டியதில்லை. 1972-இல் ரிச்சர்ட்சன், 1974-இல் லூசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் தனித்தனியாகச் சொன்ன டீகன்வொல்யூஷன் முறையை வைத்துப் பல படங்களைத் திருத்தினார்கள்.

அவ்வளவு இருந்தும் பளிச்சென்ற பொருள்கள்தான் நன்றாக மீண்டன. மங்கலானவை இரைச்சலில் மூழ்கியே கிடந்தன. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் நேரில் போய்த் திருத்தும் கருவிகளைப் பொருத்த வேண்டியிருந்தது. கணக்கால் எல்லாம் முடியும் என்றால் அவர்கள் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார்கள்.

கேள்வி: என் மென்பொருளில் "சுற்றுகள்" என்று ஒரு எண் கேட்கிறது. அதிகமாகக் கொடுத்தால் அதிகத் தெளிவுதானே? 500 கொடுத்து இரவு முழுக்க ஓடவிட்டேன். முகமெல்லாம் மணல் தூவியது போல வந்திருக்கிறது.

மேலே சொன்ன ரிச்சர்ட்சன்-லூசி போன்ற முறைகள் சுற்றுச் சுற்றாகத்தான் நெருங்குகின்றன. முதல் சுற்றுகளில் பெரிய வடிவங்கள் தெளியும். போகப் போக, மிச்சமிருக்கும் இரைச்சலையும் காட்சி என்று நினைத்து அதைக் கூர்மையாக்க ஆரம்பித்துவிடும். அந்த மணல் அதுதான். 10, 20, 30 என்று வைத்துத் தனித்தனியாகச் சேமித்துப் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். கன்னத்தில் புள்ளி தெரியத் தொடங்கும் இடத்துக்கு முந்தையதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதுவரை மூன்று மென்பொருள் வாங்கிவிட்டேன், ஒன்றும் தேறவில்லை. நண்பர் செய்திச் செயலியில் அனுப்பிய படம். நான்காவது எதை வாங்கலாம்?

சரி, கேட்கிறேன். மூன்றில் ஒன்றையாவது இலவச முயற்சிப் பதிப்பில் உங்கள் படத்தைப் போட்டுப் பார்த்த பிறகு வாங்கினீர்களா? நண்பரிடம் மூலக் கோப்பைக் கேட்டீர்களா? இரண்டையும் செய்யாமல் மூன்று முறை பணம் கட்டியிருக்கிறீர்கள், இப்போது நான்காவதையும் என்னிடம் கேட்கிறீர்கள். செய்தியாக அனுப்பும்போது பெரும்பாலும் படம் சிறிதாகி, மறுபடியும் ஜேபெக்காகச் சுருங்குகிறது. மெல்லிய நுணுக்கங்களைத்தான் அது முதலில் தூக்கி எறியும். டீகன்வொல்யூஷன் தேடுவதும் அதே மெல்லிய மிச்சத்தைத்தான். மூலக் கோப்பை வாங்குங்கள். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகவே கிடைத்தால் இன்னும் நல்லது. அதுவரை எதையும் வாங்க வேண்டாம்.

கேள்வி: ஒரே காட்சியை இரண்டு முறை எடுத்தேன், இரண்டும் ஆடிவிட்டன. நல்லதாக இருப்பதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள்! ஒன்று பக்கவாட்டிலும் மற்றது மேலும் கீழுமாகவும் ஆடியிருந்தால், முதல் படத்தில் சுழியமாகிப்போன நெட்டுக்கோடுகள் இரண்டாவதில் தப்பியிருக்கும். இரண்டாவதில் அழிந்த படுக்கைக்கோடுகள் முதலாவதில் இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடும் முறைகள் இருக்கின்றன, ஒரே படத்தை வைத்து எதைப் பிடித்தும் மீட்க முடியாததை அவற்றால் மீட்க முடியும். மென்பொருள் தேடும்போது ஒரே காட்சியின் இரண்டு படங்களை ஒன்றாக ஏற்குமா என்று முதலில் கேளுங்கள். இரண்டு மூலக் கோப்புகளையும் பெயர் மாற்றாமல் ஒரே இடத்தில் பத்திரமாக வைத்திருங்கள்.