கடை மோடில் சிக்கிய டிவி

கேள்வி: புது 55 அங்குல டிவி. படம் கண்ணைக் கூசுகிறது, முகமெல்லாம் ஆரஞ்சு நிறம், சத்தமும் காதை அடைக்கிறது. வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் தானாகவே பழையபடி ஏறிவிடுகிறது. இடையிடையே திரையில் டிவியின் அம்சங்களைச் சொல்லும் பட்டை ஒன்றும் வருகிறது. மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: மாற்ற வேண்டியதில்லை, டிவியில் கோளாறு இல்லை. அந்த விளம்பரப் பட்டையே காரணத்தைச் சொல்லிவிடுகிறது: உங்கள் டிவி கடை மோடில் ஓடுகிறது. முதன்முதலில் ஆன் செய்யும்போது மொழி, வைஃபை கேட்கும் வரிசையில் பல டிவிகளில் ‘வீடா, கடையா’ என்றும் ஒரு கேள்வி வரும். பொருத்த வந்தவர் அவசரத்தில் கடை என்பதை அழுத்தியிருப்பார், அல்லது அது காட்சிக்கு நின்ற டிவியாக இருக்கும். கடையில் வருகிறவர்கள் எல்லாரும் ரிமோட்டை எடுத்து எதையாவது மாற்றுவார்கள் என்பதால், குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பும்படி இந்த மோடை அமைத்திருக்கிறார்கள். நீங்கள் குறைப்பது நிற்காததற்கு அதுதான் காரணம். எனவே முதலில் மோடை மாற்றுங்கள், படத்தைப் பிறகு சரிசெய்யலாம்.

சாம்சங்கில் Settings, General, System Manager, Usage Mode என்று போய் Home Mode தேர்ந்தெடுங்கள். பின் எண் கேட்டால், நீங்கள் மாற்றாத வரை அது 0000. எல்ஜியில் General பகுதிக்குள் Home/Store Mode என்று தேடுங்கள். மாடலைப் பொறுத்து ஓரிரு படி உள்ளே இருக்கும். சோனியில் Retail mode settings என்று இருக்கும். அங்கே Demo mode, Picture reset mode என இரண்டு சுவிட்சுகள் உண்டு, இரண்டையுமே அணைக்க வேண்டும். முதலாவதை மட்டும் அணைத்தால் விளம்பரப் படம் நின்றுவிடும், ஆனால் பட அமைப்பு தொடர்ந்து பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். பலர் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். வேறு கம்பெனி டிவி என்றாலோ மெனு கிடைக்கவில்லை என்றாலோ ஃபேக்டரி ரீசெட் செய்து, அந்தக் கேள்வி வரும்போது ‘வீடு’ என்று கொடுங்கள். ஆப்களின் லாகின், சேனல் வரிசை எல்லாம் அழிந்துவிடும் என்பதால் பாஸ்வேர்டுகளை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு மோடுக்கு வந்ததும் படம் தானாக அடங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். மோடு வேறு, பிக்சர் மோடு வேறு. Vivid அல்லது Dynamic என்ற பிக்சர் மோடு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கலாம். கடையின் வெள்ளை விளக்கு வெளிச்சத்தில், பக்கத்தில் நிற்கும் பத்து டிவிகளோடு போட்டியிடுவதற்காக உருவானது அது. பின்னொளி உச்சத்தில் இருக்கும், வெள்ளையில் நீலம் கலந்திருக்கும், நிறங்கள் அளவுக்கு மேல் ஏற்றப்பட்டிருக்கும். முகங்கள் ஆரஞ்சாகத் தெரிவது இந்த ஏற்றத்தால்தான். Movie, Cinema, Filmmaker Mode ஆகியவற்றில் எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். இவை வெள்ளையை 6500 கெல்வின் அருகே வைக்கின்றன. படம் எடுப்பவர்கள் நிறம் சரிபார்க்கும் திரைகளும் அந்த அளவில்தான் அமைக்கப்படுகின்றன. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகத் திருகிப் பார்ப்பதைவிட இந்த ஒரே மாற்றத்தில் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

மீதிக்கு மூன்றைப் பார்த்தால் போதும். முதலாவது பின்னொளி. சில டிவிகளில் அது Backlight, சிலவற்றில் Brightness. பழைய மாடல்களில் Brightness என்பது இருட்டின் ஆழத்தை மாற்றுவது, அதைத் தொட்டால் கறுப்பு சாம்பலாகும் அல்லது இருட்டுக் காட்சிகளில் விவரம் மறைந்துபோகும். ஆகவே Backlight என்று தனியாக இருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் நேரத்தில், அந்த அறை விளக்கிலேயே, வெள்ளை நிறைந்த ஒரு காட்சியை நிறுத்தி வைத்து, கண் சுருங்காத அளவுக்கு இறக்குங்கள்.

இரண்டாவது Sharpness. எழுத்துகளைச் சுற்றியும் முகத்தின் விளிம்பிலும் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் அது கூடுதல். அந்தக் கோடு மறையும் வரை குறைத்து, அங்கேயே நிறுத்துங்கள். பல டிவிகளில் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சோனியில் நடுநிலை 50, அதற்குக் கீழே போனால் படம் மழுங்கிவிடும்.

மூன்றாவது அசைவைச் சீராக்கும் வசதி: சாம்சங்கில் Picture Clarity, எல்ஜியில் TruMotion, சோனியில் Motionflow. சினிமா நொடிக்கு 24 படங்கள். இடையில் இது தானே படங்களைச் செய்து நுழைப்பதால் சினிமாவும் சீரியல் போலத் தெரியும். விளையாட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், சினிமாவுக்கு அணைத்துவிடுங்கள்.

சத்தத்துக்கு, சவுண்ட் மோடை Standard ஆக்கி, ஆட்டோ வால்யூம் போன்ற அமைப்பு இருந்தால் போட்டுவிடுங்கள். நிகழ்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் நடுவே வரும் திடீர் ஏற்றம் அதில் குறையும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. பின்னொளியின் எண்ணைக் குறித்துக்கொண்டு டிவியை அணைத்து மீண்டும் போடுங்கள், ஒரு மணி நேரம் ஓடவிட்டு அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடை மோடு போய்விட்டது. எண் மாறாமலே ஒரு ஆப்பில் மட்டும் படம் மறுபடி கூசினால் பதற வேண்டாம், அது வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் எச்டிஆர் படமாக இருக்கும். சாதாரணப் படத்துக்கும் எச்டிஆருக்கும் டிவி தனித்தனி அமைப்பு வைத்திருக்கிறது, பல டிவிகள் ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் கூடத் தனியாக வைக்கின்றன. அந்தப் படம் ஓடும்போதே மெனுவைத் திறந்து பிக்சர் மோடை அங்கேயும் மாற்ற வேண்டும்.

கேள்வி: வீட்டு மோடும் Movie-யும் வைத்தாகிவிட்டது. இப்போது படம் மஞ்சளாக, அழுது வடிகிறது. திரும்ப Vivid-க்கே போய்விடலாமா?

பதில்: நான்கைந்து நாள் பொறுங்கள். நீலம் கலந்த வெள்ளைக்குப் பழகிய கண்ணுக்குச் சரியான வெள்ளை முதலில் மஞ்சளாகத்தான் படும். பழகிய பிறகு Vivid-ஐப் போட்டுப் பார்த்தால் அதன் நீலம் உங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் Color Tone அல்லது Color Temperature அமைப்பில் Warm-இலிருந்து Cool பக்கமாக ஒரு படி மட்டும் நகர்த்துங்கள்.

மங்கலுக்குக் காரணம் வேறாக இருக்கலாம். வீட்டு மோடில் மின்சாரச் சேமிப்பும் அறை வெளிச்ச சென்சாரும் பெரும்பாலும் தாமாகவே ஆன் ஆகிவிடும். அவை இருக்கும் வரை நீங்கள் வைத்த பின்னொளி எண்ணுக்கு மதிப்பில்லை, டிவி தன் விருப்பத்துக்கு இறக்கும். இரண்டையும் அணைத்துவிட்டுப் பின்னொளியைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

கேள்வி: காட்சிக்கு வைத்திருந்த டிவியைத் தள்ளுபடியில் தருகிறார்கள். கடை மோடை எடுத்துவிட்டால் புதியது மாதிரிதானே?

பதில்: அமைப்பு புதியதாகிவிடும், பேனல் ஆகாது. மாதக்கணக்கில் உச்ச வெளிச்சத்தில் ஓடிய டிவி அது. ஓஎல்இடி என்றால் விளம்பரப் பட்டை நின்ற இடத்தில் நிழல் படிந்திருக்கலாம். முழுத் திரைக்குச் சாம்பல் நிறமும் பிறகு சிவப்பும் காட்டச் சொல்லி, பட்டை வரும் ஓரத்தைக் கூர்ந்து பாருங்கள். எழுத்தோ கட்டமோ லேசாகத் தெரிந்தாலும் வாங்காதீர்கள், நிரந்தரமாகப் படிந்துவிட்டிருந்தால் எந்த செட்டிங்காலும் அது போகாது. எல்இடி டிவியில் வெள்ளைத் திரை போட்டு மூலைகள் இருண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். வாரண்டி எந்தத் தேதியிலிருந்து தொடங்கும் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ரீசெட்டை அங்கேயே உங்கள் முன்னால் செய்யச் சொல்லுங்கள். கடைக்காரர் பின் எண்ணை மாற்றி வைத்திருந்தால் அது அப்போதே தெரிந்துவிடும்.