அடைச்சது நான்தான், மருமவனே!

கேள்வி: என் கணவரின் பெரியம்மா கிராமத்திலிருந்து ஒரு மாதம் எங்களோடு தங்க வருகிறார். நாங்கள் இருப்பது 9-வது மாடியில். இருவரும் வேலைக்குப் போய்விடுவோம், பகலெல்லாம் அவர் தனியாகத்தான் இருக்க வேண்டும். லிஃப்ட், இன்டர்காம், புது மாதிரி கேஸ் அடுப்பு மூன்றையும் நினைத்தால் பயமாக இருக்கிறது. எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிடலாமா? மனசு நோகுமோ?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: நோகாது. ஏனென்றால் அவர் அதைக் காதிலேயே வாங்கப் போவதில்லை. நீங்கள் தெருமுனை தாண்டுவதற்குள் அடுப்படியில் நிற்பார். எனக்கு அனுபவம் உண்டு. என் அத்தை எட்டயபுரம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரி. சில வருடங்களுக்கு முன்னால் பள்ளிக்கரணையில் எங்கள் 7-வது மாடி வீட்டுக்கு 20 நாள் தங்க வந்தார்.

வந்த அன்றைக்கே ஆரம்பம். லிஃப்ட் கதவு திறந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை எடுத்து வைத்து ஏறியிருக்கிறார். கருப்பட்டிச் சிப்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நான் கவனிக்கவில்லை. மேலே வந்து, செருப்பு எங்கே அத்தை என்றால், “வாசல்ல கெடக்கு. உள்ள வரும்போது கழத்தாமயா வருவாக?” என்றார். பளபளவென்று கண்ணாடி பதித்த சின்ன அறை. பூஜை அறை என்று நினைத்தாரோ என்னவோ.

மறுநாள் காலை கீழே போய் மரத்தடியில் உட்கார ஆசைப்பட்டார். லிஃப்ட் வாசலில் மேல் அம்பு ஒன்று, கீழ் அம்பு ஒன்று. மேலே எரிகிற எண் 0. பெட்டி கீழே கிடக்கிறது, அது மேலே வர வேண்டும், ஆகவே மேல் அம்பு. கிணற்றில் வாளி இறைத்த மனுஷிக்கு இதைவிடச் சரியான கணக்கு வேறென்ன இருக்க முடியும்? ஆனால் லிஃப்டுக்கு அந்தக் கணக்கு தெரியாது. மேல் அம்பை அழுத்தினால், ‘7-வது மாடியில் ஒருவர் மேலே போகக் காத்திருக்கிறார்’ என்றுதான் அது குறித்துக்கொள்ளும். 11-வது மாடிக்குப் போகிற ஒருவரைச் சுமந்து வந்துகொண்டிருந்த லிஃப்ட் 7-ல் நின்றது, அத்தையை ஏற்றிக்கொண்டு 11-க்குப் போனது. அந்த ஆள் இறங்க, அத்தையும் இறங்கினார். மரத்தைக் காணோம். எதிரில் இருந்த கதவைத் தட்டி, “தாயீ, மரம் எங்கன இருக்கு?” என்று கேட்டிருக்கிறார். அந்த வீட்டம்மாவுக்கு விளாத்திகுளம். மதியச் சாப்பாடு அங்கேதான். நான்கு வருடமாக ஒரே கட்டடத்தில் இருந்தும் எங்களுக்குத் தெரியாத குடும்பம் அது.

ஆகவே உங்கள் பெரியம்மாவுக்கு இரண்டு அம்பையும் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். “பெட்டி எங்க இருக்குன்னு பார்க்காதீங்க, நீங்க எங்க போகணுமோ அந்த அம்பை அமுக்குங்க.” இது ஒன்று போதும். நம்மவர்கள் பலர் அவசரத்தில் இரண்டையும் சேர்த்து அழுத்துவார்களே, அதையும் அவர் பார்த்துப் பழகிவிடாமல் பாருங்கள். அப்படி அழுத்தினால் லிஃப்ட் இரண்டு திசையில் போகும்போதும் அந்த மாடியில் நிற்கும், உள்ளே இருப்பவர்கள் வெளியே யாரையும் காணாமல் முழிப்பார்கள்.

உள்ளே இருக்கிற பொத்தான்களுக்கு அத்தையே வழி கண்டுபிடித்தார். தன் ஸ்டிக்கர் பொட்டில் ஒன்றை 0-விலும், இன்னொன்றை 7-லும் ஒட்டிவிட்டார். சங்கச் செயலாளர் வந்து கோபித்துக்கொண்டார். நியாயம்தான். ஆனால் அவர் போன பிறகும் பொட்டு இருந்தது. உங்கள் கட்டடத்தில் தரைத்தளம் 0 என்று போட்டிருக்கிறதா, ஆங்கில எழுத்தா என்று பார்த்து முதல் நாளே காட்டிவிடுங்கள். அதற்கும் கீழே கார் நிறுத்தும் தளம் இருந்தால் அதையும் ஒருமுறை இறங்கிக் காட்டுங்கள். தெரியாமல் அங்கே போய் இறங்கினால் எல்லாத் தூணும் ஒன்றுபோல இருக்கும்.

மின்வெட்டில் லிஃப்ட் நடுவில் நின்றால் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவையுங்கள். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் லிஃப்ட் கிளம்பிவிடும், அல்லது மின்கலத்தில் ஓடும் அமைப்பு பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடும். இரண்டும் நடக்கவில்லை என்றால் மணிப் படம் போட்ட பொத்தானை அழுத்த வேண்டும். கதவை விரலால் நெம்பத்தான் கூடாது. அத்தை ஒருமுறை மாட்டிக்கொண்டு, கதவு திறந்தபோது தரையில் சம்மணம் போட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

இன்டர்காம் வேறு ரகம். எங்கள் வாசல் காவலாளி வடக்கிலிருந்து வந்த பையன். தமிழ் கொஞ்சம் வரும், அவசரத்தில் இந்திக்குத் தாவிவிடுவான். முதல் பகலில் மணி அடித்தது. அத்தை எடுத்தார். “அம்மா, பார்சல் ஆத்மி. பேஜூம்?” என்றான். அனுப்பவா என்று அர்த்தம். அத்தை காதில் விழுந்தது ‘பேசும்’.

“பேசுய்யா, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“பேஜூம் அம்மா?”

“அட பேசுங்கேன்!”

அனுப்பச் சொல்கிறார் என்று அவன் அனுப்பிவிட்டான். பார்சல்காரர், தண்ணீர் கேன்காரர், தண்ணீர் சுத்திகரிப்பான் விற்கிறவர் என்று அன்றைக்கு நான்கு பேர் வந்தார்கள். நாலாவது ஆள் ஃப்ளாட் மாறி வந்தவர். நான்கு பேருக்கும் மோர் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இதை நான் சிரித்துக்கொண்டே எழுதினாலும், பகலில் தனியாக இருக்கும் பெரியவர் விஷயத்தில் சிரிப்பதற்கில்லை. வாசலில் வந்தவனை நிற்க வைக்கக் கூடாது என்று வளர்ந்தவரிடம் யாரையும் விடாதே என்றால் நடக்காது. நாங்கள் வேலையைக் காவலாளிப் பக்கம் மாற்றினோம். 7-பி-க்கு யார் வந்தாலும் என் கைபேசிக்குக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று பதிவேட்டில் எழுதிவைத்தோம். பல வளாகங்களில் செயலி வழியாகவே இந்த அனுமதி வரும். பெரியம்மாவை ஒப்புதல் தரும் ஆளாக வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

அப்புறம், ரிசீவர். அத்தை பேசி முடித்ததும் அதைத் தாங்கியில் வைக்காமல் பக்கத்து மேஜைமேல் மெதுவாகப் படுக்கவைப்பார். தூக்கிப் போட்டால் எதிரில் இருப்பவனுக்கு வலிக்கும் என்பதுபோல. அப்படி இருந்தால் வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் பிஸி என்ற சத்தம்தான் வரும். மதியம் முழுக்க நான் காவலாளியை ஏவி ஏவி, கடைசியில் அவன் மாடி ஏறிப் பார்த்தான். உங்கள் வீட்டுக்கு இன்டர்காம் போகவே இல்லை என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

சரி, அடுப்புக்கு வருவோம். இதைத்தான் நீங்கள் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அத்தைக்கு கேஸ் புதிதல்ல. ஊரில் லைட்டரால் பற்ற வைக்கும் இரண்டு பர்னர் அடுப்பில் பல வருடம் சமைத்தவர். அதனால்தான் சிக்கலே. எங்கள் அடுப்பில் குமிழை அழுத்தித் திருப்பினால் டிக் டிக் என்று பொறி விட்டுத் தீ பற்றும். கையை எடுத்ததும் அணையும். மறுபடி பற்றும், மறுபடி அணையும். காற்றுதான் காரணம் என்று முடிவுகட்டி, சமையலறை ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுத் தீப்பெட்டியோடு உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே போனபோது ஏழு எரிந்த குச்சி கிடந்தது. அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பர்னர் ஓரம் பாருங்கள், சின்னதாக இரண்டு குச்சிகள் நிற்கும். வெள்ளைப் பீங்கான் போர்த்தியது பொறி விடுவது. மற்றது வெறும் உலோகம், தெர்மோகப்பிள் என்பார்கள். தீயில் அது சூடானால் துளி மின்சாரம் உண்டாகும், அந்த மின்சாரம்தான் உள்ளே கேஸ் வால்வைத் திறந்து பிடித்திருக்கும். குச்சி சூடாகும்வரை அந்த வேலையை நம் கை செய்ய வேண்டும். அதாவது தீ பற்றிய பிறகும் ஐந்து முதல் பத்து விநாடி குமிழை அழுத்தியே பிடித்திருக்க வேண்டும். பால் பொங்கித் தீ அணைந்தால் குச்சி ஆறும், கொஞ்ச நேரத்தில் வால்வு தானே மூடிக்கொள்ளும். எல்லா அடுப்பிலும் இது இருக்காது, உங்களுடையதில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

நான் அத்தையிடம் ‘அழுத்திப் பிடியுங்கள்’ என்று மூன்று முறை சொன்னேன், பலிக்கவில்லை. ஏன் என்று சொன்னேன், உடனே புரிந்துவிட்டது. “அப்போ, பால் பொங்கி அமந்தா இதுவே அடைச்சிருமா? கெட்டிக்காரக் குச்சிதான்” என்றார். அதிலிருந்து குமிழைப் பிடித்துக்கொண்டு பத்து முருகா சொல்லிவிட்டுத்தான் கையை எடுப்பார். ஒரு நாளும் தவறியதில்லை.

முருகனைப் பதினைந்து முறை கூப்பிட்டும் அணைகிறது என்றால் அந்தக் குச்சியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும், ஆறிய பிறகு துணியால் துடைத்துப் பாருங்கள். டிக் டிக் சத்தமே இல்லை என்றால் பேட்டரி தீர்ந்திருக்கும். பற்றாமலே குமிழை அழுத்திக்கொண்டிருந்தால் கேஸ் வெளியே வரும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். அதனால் இரண்டு முறை முயன்றும் பற்றவில்லையென்றால் குமிழை மூடிவிட்டு, ஜன்னலைத் திறந்து, சில நிமிடம் பொறுத்துத்தான் மறுபடி முயல வேண்டும். வாடை பலமாக இருந்தால் விளக்கு, மின்விசிறி என்று எந்தச் சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வெளியே வந்து 1906-க்குக் கூப்பிட வேண்டும். இந்த எண்ணைப் பெரிதாக எழுதி, வாசல் கதவின் உட்புறம் ஒட்டுங்கள்.

இனி எங்கள் வீட்டு அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் காலை அடுப்பு பற்றவே இல்லை. என் மனைவி நான்கு பர்னரையும் திருப்பிப் பார்த்தாள். எங்கள் வளாகத்தில் வீட்டுக்குள் சிலிண்டர் கிடையாது, கீழே ஒரு கூண்டில் வைத்து எல்லா வீட்டுக்கும் குழாயில் அனுப்புவார்கள். பராமரிப்பு ஆளைக் கூப்பிட்டோம், வந்து மீட்டரைத் தட்டினார். அவருக்குக் காப்பி கொடுக்க முடியவில்லையே என்ற வருத்தத்தோடு நின்ற அத்தை, “அடைச்சது நான்தான், மருமவனே” என்றார்.

ராத்திரி படுக்குமுன் சிலிண்டரை மூட வேண்டும் என்பது அவர் வழக்கம். சிலிண்டரைத் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. மேடைக்கு அடியில் குனிந்து, மஞ்சள் குழாயையும் அதில் ஒரு பிடியையும் கண்டுபிடித்து, குறுக்கே திருப்பிவிட்டார். பிடி குழாயோடு நேராக இருந்தால் திறப்பு, குறுக்கே நின்றால் அடைப்பு. வாய்க்கால் மடை பார்த்தவருக்கு அது தெரியாதா? எங்களுக்குத்தான் அப்படி ஒரு வால்வு இருப்பதே தெரியாது. நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட நாங்கள் மூடியதில்லை. பராமரிப்பு ஆள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அத்தை ஊருக்குப் போன பிறகும் தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு ஃபோன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. “அடைச்சாச்சா?” என்பார். நான் படுக்கையிலிருந்து எழுந்து அடுப்படிக்குப் போவேன்.